அம்மாவுக்கு மெசேஜ் பார்க்கச் சொல்லிக்கொடுப்பது: பார்சல், பரிசு மோசடிகளில் சிக்காமல் இருக்க முழுமையான வழிகாட்டி

அம்மா தங்கச்சிமடத்தில் இருக்கிறார், நான் ராமநாதபுரத்தில். கடந்த ஒரு வருடத்தில் அம்மாவுக்கும், அதே தெருவில் இருக்கும் சித்திக்கும், பாம்பனில் இருக்கும் மாமாவுக்கும் போனில் மெசேஜ் பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். அம்மாவிடம் தொடங்கியபோது வரிசையைத் தலைகீழாகப் பிடித்துவிட்டேன். பொய் மெசேஜ்களைக் காட்டி, “இதைத் தொட்டால் பணம் போய்விடும்” என்று முதல் நாளே சொன்னேன். அன்றிலிருந்து அம்மா எந்த மெசேஜையும் திறக்கவில்லை. சிலிண்டருக்கு வந்த எண்ணும் திறக்கப்படாமலே கிடந்தது, சிலிண்டர் வண்டி திரும்பிப் போனது.

அதற்குப் பிறகு வரிசையை மாற்றினேன். கீழே இருப்பது அந்த மாற்றிய வரிசை. இதற்கு அடியில் ஒரே ஒரு விதிதான் இருக்கிறது: மெசேஜ் என்பது படிக்க மட்டும். அதற்குள் இருந்து எந்த வேலையும் செய்வதில்லை. எது உண்மை, எது பொய் என்று கண்டுபிடிக்கும் பொறுப்பை எழுபது வயதுக்காரர் மேல் ஏற்றாதீர்கள். நமக்கே அது பல நேரம் தெரிவதில்லை.

## 1. முதலில், அவருக்கு எந்த மெசேஜ் தேவை என்று பாருங்கள்

போனைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுங்கள். அவருக்கு உண்மையில் பயன்படும் மெசேஜ்கள் எவை என்று எழுதுங்கள். என் அம்மாவுக்கு மூன்றுதான் தேறின: முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் வங்கியில் ஏறியது, சிலிண்டர் எண், ரேஷன் கடையில் பொருள் வாங்கியதும் வரும் தகவல். மாமா வீட்டில் இதோடு மீன்பிடித் தடைக்கால நிவாரணம் வரவு வைத்த மெசேஜும் சேர்ந்தது.

இந்தப் பட்டியல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பட்டியலில் இல்லாத எதற்கும் அவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது.

அப்படியே இன்னொன்றையும் பாருங்கள். வங்கிக் கணக்கில் எந்த எண் பதிவாகி இருக்கிறது? எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் மகனுடைய எண் இருக்கும், அல்லது எப்போதோ வைத்திருந்த பழைய சிம் இருக்கும். சித்தியின் கணக்கில் ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் இருந்தது. அதனால் உண்மையான வங்கி மெசேஜ் ஒன்றுகூட அவருக்கு வந்ததில்லை. உண்மையானதைப் பார்த்தே இராதவருக்குப் பொய்யானது வித்தியாசமாகத் தெரியாது. வங்கிக் கிளைக்குப் போய் எண்ணை மாற்றிய பிறகே சித்திக்குப் பாடத்தைத் தொடங்கினேன்.

## 2. அவர் இல்லாதபோது போனைத் தயார் செய்யுங்கள்

இந்த வேலைகளைச் சொல்லிக்கொடுக்கும்போது செய்தால் அவர் குழம்பிப் போவார். காலையில் அவர் கடைத்தெருவுக்குப் போகும் நேரத்தில் முடித்துவிடுங்கள். நான் சொல்வது ஆண்ட்ராய்டு போனுக்கு. போனுக்குப் போன் பெயர்கள் கொஞ்சம் மாறலாம்.

எழுத்தைப் பெரிதாக்குங்கள். மெசேஜ் ஆப்பை முகப்புத் திரையின் கீழ் வரிசையில் வையுங்கள். பழைய விளம்பர மெசேஜ்களை எல்லாம் அழியுங்கள், ஆனால் வங்கியிலிருந்தும் கேஸ் நிறுவனத்திலிருந்தும் வந்தவற்றை வைத்துக்கொள்ளுங்கள். அவைதான் உங்கள் பாடப் புத்தகம்.

Google Messages ஆப்பில் மேலே வலது பக்கம் இருக்கும் படத்தைத் தொட்டு, Messages settings போய், RCS chats என்பதை நிறுத்திவிடுங்கள். சாதாரண குறுஞ்செய்தி வழியாக நிறுவனம் ஒன்று மொத்தமாக மெசேஜ் அனுப்ப முன்பதிவு வேண்டும். RCS பாதை இணையம் வழியாகப் போவதால், வெளிநாட்டு எண்களிலிருந்து வரும் பார்சல் மெசேஜ்கள் இதில் சுலபமாக உள்ளே நுழைகின்றன. நிறுத்தினால் வங்கி மெசேஜுக்கு ஒன்றும் ஆகாது.

வாட்ஸ்அப்பில் இரண்டு மாற்றங்கள். Settings, Storage and data, Media auto-download போய் எல்லா டிக்கையும் எடுங்கள். தெரியாதவர் அனுப்பும் கோப்பு தானாக இறங்காது. அப்புறம் Privacy, Calls போய் Silence unknown callers போடுங்கள். இது வாட்ஸ்அப் அழைப்புக்கு மட்டும்தான், சிலிண்டர்க்காரர் சாதாரணமாகக் கூப்பிடுவது தடைபடாது.

கடைசியாக, போனின் Settings-இல் Install unknown apps என்று தேடி, வாட்ஸ்அப், குரோம் இரண்டுக்கும் அனுமதி இல்லை என்று வைத்துவிடுங்கள். கல்யாணப் பத்திரிகை, வண்டி அபராத ரசீது என்ற பெயரில் .apk என்று முடியும் கோப்பு வருகிறது. அதைத் திறந்து நிறுவினால் வரும் மெசேஜ் எல்லாம் திருடன் கைக்குப் போய்விடும். இந்த அனுமதியை மூடிவைத்தால், தவறிப்போய்த் தொட்டாலும் அது நேரே உள்ளே போகாமல் போனே தடுத்து நிறுத்திக் கேட்கும்.

முதியோர் பணம் வரும் கணக்கை யுபிஐ ஆப்பில் இணைக்காதீர்கள். கூகுள் பே வேண்டும் என்றால் வேறு கணக்கில் ஆயிரம் இரண்டாயிரம் மட்டும் வைத்துக் கொடுங்கள்.

## 3. முதல் வாரம் உண்மையான மெசேஜ்கள் மட்டும்

முதல் வாரத்தில் மோசடி என்ற சொல்லே வேண்டாம். தினமும் பத்து நிமிடம், அதுவும் அவர் கையில் போன் இருக்கும்போது மட்டும். நாம் வாங்கிச் செய்து காட்டினால் தலையாட்டுவார், மறுநாள் ஒன்றும் நினைவிருக்காது. நம் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, “மேல இருக்கிறத தொடும்மா” என்று வாயால் மட்டும் சொல்ல வேண்டும். இது சொல்லிக்கொடுப்பவருக்குத்தான் கடினம்.

வங்கி மெசேஜ் ஆங்கிலத்தில் வரும். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. முழுவதும் தெரிய வேண்டியதும் இல்லை, இரண்டு சொற்களின் வடிவம் தெரிந்தால் போதும். நோட்டில் பெரிதாக எழுதிக்கொடுத்தேன்: credited என்றால் பணம் வந்தது, debited என்றால் பணம் போனது. முதல் எழுத்தைப் பார்த்தே பிரித்துவிடுகிறார். அப்புறம் தொகை. அப்புறம் கணக்கு எண்ணின் கடைசி சில இலக்கங்கள், அது பாஸ்புக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொன்னேன்.

பணம் வந்த மாதம் அம்மா பாஸ்புக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த மெசேஜை நான்கு முறை படித்தார். “நீ சொல்லாமலே நானே பார்த்துட்டேன்” என்று போன் செய்தார். அந்தத் தைரியம் வந்த பிறகு அடுத்த பாடத்துக்குப் போனேன்.

## 4. உள்ளே படிக்கும் முன் அனுப்பியது யார் என்று பார்ப்பது

மெசேஜைத் திறந்ததும் கண் நேராக உள்ளே போகும். அதை மாற்றி, முதலில் மேலே பார்க்கப் பழக்குங்கள். காரணம் இருக்கிறது: உள்ளே இருப்பதைத் திருடன் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம், மேலே இருப்பதை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது.

இந்தியாவில் வங்கியும் அரசும் நிறுவனங்களும் அனுப்பும் குறுஞ்செய்தி போன் எண்ணிலிருந்து வருவதில்லை. இரண்டு எழுத்து, ஒரு கோடு, பிறகு நிறுவனத்தின் சுருக்கப் பெயர் என்று வரும். 2025 முதல் கடைசியில் இன்னொரு கோடும் ஓர் எழுத்தும் சேர்ந்திருக்கிறது. G என்றால் அரசு, S என்றால் சேவை, T என்றால் பணப் பரிமாற்றம், P என்றால் விளம்பரம்.

அம்மாவுக்கு இந்த நான்கு எழுத்தையும் சொல்லவில்லை. P இருந்தால் விளம்பரம், படிக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அதைவிட முக்கியமாகச் சொன்னது இதுதான்: மேலே பத்து இலக்க எண் இருந்தாலோ, + அடையாளத்தோடு எண் இருந்தாலோ, அது யாரோ ஒரு ஆள் அனுப்பியது. நம் ஆள் என்றால் பெயர் வரும். அதற்காகவே நம் ஆட்கள் எல்லாருடைய பெயரையும் தமிழில் பதிந்து வைத்தேன். பெயர் இல்லாத எண்ணிலிருந்து வங்கி பேசாது, தபால் ஆபீஸ் பேசாது.

ஆனால் எழுத்தில் வந்துவிட்டாலே எல்லாம் சரி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தெரிந்தவர் பெயரில் வருவதும் அப்படித்தான். அவருடைய வாட்ஸ்அப்பையே வேறொருவன் கைப்பற்றி இருக்கலாம். அதனால்தான் அந்த முதல் விதி: யார் அனுப்பினாலும் உள்ளே இருந்து வேலை செய்வதில்லை.

## 5. பார்சல் மெசேஜ்: ஒன்றை முழுவதுமாகப் பார்ப்போம்

அம்மாவுக்கு வந்தது இது. மதியம் இரண்டு மணிக்கு +63 என்று தொடங்கும் எண்ணிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு மெசேஜ். உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது, முகவரி முழுமையாக இல்லாததால் இரண்டு முறை கொண்டுவந்தும் கொடுக்க முடியவில்லை, 48 மணி நேரத்துக்குள் முகவரியைத் திருத்துங்கள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பப்படும். கீழே நீல எழுத்தில் ஒரு லிங்க்.

இந்திய அஞ்சல் துறை பெயரில் இதே மெசேஜ் நாடு முழுக்கப் போனது. அஞ்சல் துறை இப்படி அனுப்புவதில்லை என்று மத்திய அரசின் பிஐபி உண்மை சரிபார்ப்புப் பிரிவு அறிவித்திருக்கிறது.

அந்த நீல எழுத்தைத் தொட்டால் என்ன ஆகும் என்று அம்மாவுக்கு விளக்கினேன். ஏன் என்று தெரியாத தடை நாலு நாளில் மறந்துபோகும். அஞ்சல் துறைப் பக்கம் மாதிரியே ஒன்று திறக்கும். பெயரும் முகவரியும் கேட்கும். பிறகு மறுபடி கொண்டுவரக் கட்டணம் என்று ஒரு சின்னத் தொகையைக் கேட்கும். அவ்வளவுதானே என்று ஏடிஎம் அட்டையின் எண்களைக் கொடுப்போம். அவர்களுக்கு வேண்டியது அந்தச் சின்னத் தொகை இல்லை, அட்டையின் எண்கள்தான். அதை வைத்துப் பெரிய தொகைக்கு வேறெங்கோ முயற்சி செய்வார்கள். நம் போனுக்கு ஓடிபி வரும். அதையும் அந்தப் பக்கத்தில் போட்டால் பணம் போய்விடும். இதில் கவனிக்க வேண்டியது, பல வங்கிகளின் ஓடிபி மெசேஜிலேயே எவ்வளவு தொகைக்கு என்று எழுதியிருக்கும். அவசரத்தில் எண்ணை மட்டும் பார்ப்பதால் அது கண்ணில் படாது.

இப்போது அம்மா என்ன செய்தார் என்று சொல்கிறேன். முதலில் மேலே பார்த்தார், + இருந்தது. எனக்குப் போன் செய்தார், நான் எடுக்கவில்லை. தம்பி கடலுக்குப் போயிருந்தான். கடலுக்குப் போனால் மறுநாள் காலையில்தான் கரை. 48 மணி நேரம் என்று எழுதியிருந்தது அம்மாவுக்கு உறுத்தியிருக்கிறது. ஆனாலும் நாங்கள் முன்பே பேசி வைத்திருந்தோம்: கெடு போட்ட மெசேஜ் என்றால் ஆள் கிடைக்கும் வரை போனைக் கவிழ்த்து வைத்துவிடுவது. அப்படியே வைத்துவிட்டார்.

மறுநாள் தெருவில் வந்த தபால்காரரிடம் கேட்டார். “பார்சல் இருந்தா நானே கொண்டாந்து தர மாட்டேனாம்மா? உங்க வீடு எனக்குத் தெரியாதா?” என்றார் அவர். எங்கள் ஊரில் கதவு எண் எழுதாத கடிதமே வந்து சேர்கிறது. முகவரி முழுமையாக இல்லை என்ற பேச்சு இங்கே எடுபடாது. இதை உங்கள் வீட்டிலும் சொல்லுங்கள், சட்டென்று பிடிபடும்.

உண்மையிலேயே ஏதாவது வர வேண்டியிருந்தால்? வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் பார்சல் அனுப்பும் வீடுகள் கீழக்கரை, தொண்டிப் பக்கம் நிறைய உண்டு. அவர்களுக்குச் சொல்ல வேண்டியது: அனுப்பியவரிடமே கேள். ஸ்பீடு போஸ்ட் என்றால் 13 இடம் கொண்ட ஒரு எண் இருக்கும், முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் இரண்டு எழுத்து. உள்நாட்டில் போட்டது என்றால் அந்தக் கடைசி எழுத்துகள் IN என்று இருக்கும். அனுப்பியவர் அந்த எண்ணைத் தருவார். நோட்டில் எழுதிக்கொண்டு தபால் ஆபீசில் காட்டினால் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

பார்சல் மோசடி போன் அழைப்பாகவும் வருகிறது. கூரியர் ஆள் என்று சொல்லி, *21* அல்லது *401* என்று தொடங்கி ஓர் எண்ணை அழுத்தச் சொல்வான். அழுத்தினால் நமக்கு வரும் அழைப்பு எல்லாம் அவனுக்குத் திரும்பிவிடும், வங்கியிலிருந்து வரும் குரல் அழைப்பு உட்பட. நட்சத்திரம் போட்டு எதையும் அழுத்தக் கூடாது என்று சொல்லிவைத்தால் போதும். அழுத்திவிட்டதாகச் சந்தேகம் வந்தால் இதை அழுத்திக் கூப்பிடுங்கள், எல்லாத் திருப்பிவிடலும் ரத்தாகும்:

```
##002#
```

## 6. “ஓடிபியை யாருக்கும் சொல்லாதே” என்ற விதியில் இருக்கும் ஓட்டை

எல்லாரும் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். நானும் சொன்னேன். பிறகு சிலிண்டர் வந்தது. வண்டிக்காரர் “போன்ல நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க” என்று கேட்டார். அது முறையான கேள்வி. கேஸ் நிறுவனம் அனுப்பும் அந்த எண்ணை அவரிடம் சொன்னால்தான் சிலிண்டர் கிடைக்கும். விதி முதல் மாதமே உடைந்துவிட்டது. உடைந்த விதியை யாரும் மதிக்க மாட்டார்கள், அடுத்து போனில் கேட்பவனுக்கும் சொல்லிவிடும் ஆபத்து இருக்கிறது.

அதனால் விதியை இப்படி மாற்றினேன்: பொருள் வாசலில் இருந்து, ஆள் கண் முன்னால் நின்றால் மட்டும், அந்தப் பொருளுக்கு வந்த எண்ணைச் சொல்லலாம். போனில் கேட்டால் யாருக்கும் கிடையாது. சிலிண்டரைக் கண்ணால் பார்த்த பிறகு மெசேஜைத் திற. மேலே கேஸ் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்.

நாம் எதுவும் வாங்காதபோது ஒருவர் பார்சலோடு வாசலில் நின்று, “வேண்டாம் என்றால் ரத்து செய்ய நம்பர் சொல்லுங்கள்” என்று கேட்டால், கொடுக்காமல் அனுப்பிவிடச் சொல்லுங்கள்.

## 7. பரிசு மெசேஜ்

இதற்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. மூவருக்கும் லாட்டரி தெரியும். தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியைத் தடை செய்தாகிவிட்டது, சீட்டே வாங்காதவருக்கு எப்படி 25 லட்சம் விழும் என்று கேட்டால் அவர்களே சிரித்துவிடுகிறார்கள். தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பெயரைச் சொல்லி, +92 எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவோடு வருவது இந்த வகைதான்.

மாமா மட்டும் கொஞ்சம் தடுமாறினார். அவருக்கு வந்தது லாட்டரி இல்லை, தடைக்கால நிவாரணத்தோடு கூடுதல் தொகை வந்திருக்கிறது என்ற மெசேஜ். பேசிய ஆள், பணம் ஏற PIN எண்ணைப் போடச் சொல்லியிருக்கிறான். மாமாவுக்கு நான் சொன்னது ஒன்றுதான்: பணம் வருவதற்கு PIN எண் தேவையே இல்லை. PIN போட்டால் பணம் போகிறது என்று அர்த்தம், உண்டியலைத் திறக்கும் சாவி மாதிரி. காசு போட யாரும் சாவி கேட்க மாட்டார்கள், எடுக்கத்தான் கேட்பார்கள். அரசுத் தொகை விஷயத்தில் சந்தேகம் என்றால் மீன்வளத் துறை அலுவலகத்திலோ சங்கத்திலோ கேட்டுக்கொள்ளலாம்.

## 8. தொட்டுவிட்டால் என்ன செய்வது என்று முன்பே பேசிவைத்தல்

இதை இவ்வளவு கீழே வைத்திருந்தாலும் தவறவிடாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா பணம் போனதைப் பதினோரு நாள் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. திட்டுவார்களே என்ற பயம். பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு இருப்பது முதல் சில மணி நேரத்தில்தான். அதற்கு மேல் போனால் திருடன் அதை வேறு கணக்குகளுக்கு மாற்றிவிடுவான். அதனால் “எது நடந்தாலும் உடனே சொல்லும்மா, நான் ஒரு வார்த்தை திட்ட மாட்டேன்” என்று வாக்குக் கொடுங்கள். கொடுத்தால் காப்பாற்றுங்கள்.

லிங்கைத் தொட்டதோடு பெரும்பாலும் பணம் போய்விடாது. அதற்குப் பிறகு எதையாவது எழுதியிருந்தால், ஓடிபி சொல்லியிருந்தால், ஏதாவது ஆப்பை நிறுவியிருந்தால்தான் ஆபத்து. வெறுமனே தொட்டிருந்தால் பக்கத்தை மூடிவிட்டு உங்களுக்குச் சொன்னால் போதும். ஆப் இறங்கிவிட்டது என்றால் முதலில் விமானக் குறியைத் தொட்டு இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பிறகு வேறு போனிலிருந்து வங்கிக்குக் கூப்பிட்டு அட்டையையும் யுபிஐயையும் முடக்க வேண்டும்.

பணம் போயிருந்தால் 1930. இது சைபர் குற்றங்களுக்கான உதவி எண். அம்மாவின் போனில் இதை “பணம் போனால்” என்ற பெயரில் பதிந்திருக்கிறேன். புகாரை cybercrime.gov.in தளத்திலும் பதியலாம், அதை நீங்கள் செய்யுங்கள். அழைக்கும்போது கணக்கு எண், தொகை, நேரம், பரிமாற்ற எண் கேட்பார்கள். அதனால் அந்த மெசேஜை அழிக்கக் கூடாது. பயத்தில் முதலில் செய்வது அழிப்பதுதான்.

## 9. மூன்றாவது வாரம் ஒரு சோதனை

சொல்லிக்கொடுத்தது பிடித்துக்கொண்டதா என்று தெரிய, வேறு எண்ணிலிருந்து நீங்களே ஒரு பார்சல் மெசேஜ் அனுப்பிப் பாருங்கள். லிங்க் மாதிரி தோன்றும் எழுத்து இருக்கட்டும், அது எங்கும் போகக் கூடாது. இந்த வாரம் ஒன்று அனுப்புவேன் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் அனுப்பினால் ஏமாற்றியது போல ஆகி, அப்புறம் நம்மையும் நம்ப மாட்டார்கள்.

அம்மா முதல் தடவையே கண்டுபிடித்தார். சித்தி பதில் அனுப்பிவிட்டார்: “நீங்கள் யார்?” என்று. இதை நான் எதிர்பார்க்கவில்லை. பதில் போட்டால் இந்த எண்ணில் ஆள் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும், மேலும் மேலும் வரும். அதனால் சித்திக்கு ஒரு பாடம் கூட்டினேன்: மெசேஜை அழுத்திப் பிடித்து, Block தொட்டு, Report spam டிக்கை எடுக்காமல் அப்படியே வைத்து உறுதி செய்வது. ஆனால் எனக்கோ தம்பிக்கோ காட்டிய பிறகுதான் தடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் ஒருமுறை ரேஷன் கடை மெசேஜையே தடுத்துவிட்டார். மாதம் ஒருமுறை போகும்போது Spam & blocked பட்டியலைத் திறந்து, உண்மையானது ஏதாவது உள்ளே மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.